பழைய பதிப்புக்குத் திரும்பும் வழியில் நிற்கும் காவல்கள்

2019 மே மாதம் லண்டனில் ஒரு வழக்கறிஞரின் போனுக்கு வாட்ஸ்அப் வழியாக அழைப்புகள் வந்தன. அவர் எடுக்கவில்லை. எடுக்க வேண்டிய தேவையும் தாக்கியவர்களுக்கு இல்லை. அழைப்பைக் கையாளும் நிரல்பகுதியில் இருந்த ஓட்டையால், மணி அடித்தாலே உளவு மென்பொருள் உள்ளே நுழைய முடிந்தது. லண்டன் நாளேடான ஃபைனான்ஷியல் டைம்ஸ் அந்த மாத நடுவில் இச்செய்தியை வெளியிட்டது. மென்பொருள் இஸ்ரேலின் என்எஸ்ஓ குழுமத்துடையது என்று அது எழுதியது. வாட்ஸ்அப் உடனே திருத்திய பதிப்பை வெளியிட்டது. ஆண்ட்ராய்டில் 2.19.134க்கு முந்தைய எல்லாப் பதிப்புகளிலும் அந்த ஓட்டை இருந்தது.

அந்த எண்ணை நினைவில் வைத்துக்கொண்டால், பழைய பதிப்பைப் போட ஆண்ட்ராய்டு ஏன் அவ்வளவு பிடிவாதமாக மறுக்கிறது என்பது விளங்கும். அதற்கு முந்தைய பதிப்பும் வாட்ஸ்அப் நிறுவனமே கையொப்பமிட்ட உண்மையான ஆப்தான். அதில் போலி எதுவும் இல்லை. நேற்று வரை எல்லோரும் பயன்படுத்தியதும் அதுதான். ஆனால் திருத்தம் வெளியான நாளிலிருந்து அதன் குறை ஊருக்கே தெரிந்த குறை. பழைய பதிப்பை மேலே போட எவரையும் போன் அனுமதித்தால், பூட்டை மாற்றிய பிறகும் பழைய சாவி திறக்கும் என்றாகிவிடும்.

மறுபக்கம் இருக்கும் நியாயத்தையும் மறுக்க முடியாது. அப்டேட்டுகள் கெட்டுப்போகின்றன. நேற்று ஓடிய ஆப் இன்று திறந்தவுடன் மூடிக்கொள்கிறது, வேண்டிய வசதி காணாமல் போகிறது, விளம்பரம் நுழைகிறது. ஈஸ்ட் ஹாமிலோ ஹாரோவிலோ போன் கடையில் கேட்டால், “அன்இன்ஸ்டால் பண்ணிட்டு பழைய ஏபிகேயைப் போடுங்க” என்று ஒரே வரியில் பதில் வரும். அந்த வரி நடைமுறையில் சரி. ஆனால் ‘அன்இன்ஸ்டால்’ என்ற முதல் பாதியில்தான் இழப்பு முழுவதும் ஒளிந்திருக்கிறது.

ஓர் ஆப்பின் மேல் இன்னொரு கோப்பைப் போடும்போது ஆண்ட்ராய்டு முதலில் பார்ப்பது கையொப்பத்தை. ஆப்பை உருவாக்கியவர் தன்னிடம் மட்டும் இருக்கும் மறைசாவியால் ஏபிகே கோப்பில் ஒப்பமிடுகிறார். முதல் முறை நிறுவும்போது அந்தச் சாவிக்கான சான்றிதழைப் போன் குறித்துக்கொள்கிறது. அதன்பின் அதே பெயரில் வரும் எந்தக் கோப்பும் அதே சான்றிதழோடு வர வேண்டும். மாறியிருந்தால் `INSTALL_FAILED_UPDATE_INCOMPATIBLE` என்று திருப்பி அனுப்பிவிடும். காரணம் எளியது. ஒவ்வோர் ஆப்புக்கும் தனி அறையில் தரவு இருக்கிறது, அந்த அறைக்குள் நுழையும் உரிமையை ஆண்ட்ராய்டு கையொப்பத்தை வைத்தே தருகிறது. வேறொருவர் ஒப்பமிட்ட ‘வாட்ஸ்அப்’ உங்கள் உரையாடல்களைத் திறந்துவிடக் கூடாது.

இந்தச் சோதனையில் நேர்மையான ஆப்பும் சிக்கும். ஒரே ஆப் இரண்டு கடைகளில் இரண்டு கையொப்பங்களோடு கிடைப்பதுண்டு. பிரித்தானியரான கியரன் குல்ட்னிக்ஸ் 2010இல் தொடங்கிய எஃப்-ட்ராய்ட் என்ற திறமூல ஆப் களஞ்சியம் இதற்கு நல்ல உதாரணம். பெரும்பாலான ஆப்களை அது மூலநிரலிலிருந்து தானே கட்டி, தன் சாவியாலேயே ஒப்பமிடுகிறது. அதே ஆப்பின் கூகுள் பிளே பதிப்பில் வேறு சாவி. ஆகவே பிளேயிலிருந்து வந்த ஆப்பின் மேல், எஃப்-ட்ராய்டில் கிடைக்கும் பழைய பதிப்பைப் போட முடியாது. கோப்பு கெட்டது என்று இதற்குப் பொருளில்லை. கதவு வேறு, அவ்வளவுதான்.

சாவியை மாற்றிக்கொண்ட ஆப்களில் இன்னொரு நுணுக்கம் உண்டு. ஆண்ட்ராய்டு 9இல் வந்த மூன்றாம் தலைமுறைக் கையொப்ப முறை, பழைய சாவியிலிருந்து புதிய சாவிக்கு மாறியதற்கான சான்றைக் கோப்புக்குள்ளேயே வைக்க விடுகிறது. பழைய சாவிக்கு என்னென்ன உரிமை மிச்சம் என்பதையும் அதில் எழுதலாம். பழைய சாவியால் ஒப்பமிட்ட கோப்புக்குத் திரும்பிப் போகும் உரிமையும் அந்தப் பட்டியலில் இருக்கிறது, ஆனால் இயல்பில் அது மூடியே இருக்கும். சாவி திருடுபோனதால் மாற்றியவருக்கு அது அப்படித்தான் இருக்க வேண்டும். பின்வாங்க விரும்பும் பயனருக்கோ அங்கே இன்னொரு சுவர்.

கையொப்பம் பொருந்தினால் அடுத்த சோதனை பதிப்பு எண். திரையில் நாம் காணும் 3.4.0 போன்ற எண்ணை ஆண்ட்ராய்டு பொருட்படுத்துவதில்லை. உள்ளே ஒரு முழு எண் இருக்கிறது, பெயர் versionCode. நிறுவியிருக்கும் எண்ணைவிடக் குறைந்தது வந்தால் `INSTALL_FAILED_VERSION_DOWNGRADE`. இந்த விதி ஆப்பை வெளியிடுபவரையும் கட்டுகிறது. மோசமான அப்டேட்டைத் திரும்பப் பெற நினைக்கும் நிறுவனம் பழைய நிரலை எடுத்து, அதற்கு இன்னும் பெரிய எண் கொடுத்து, புதிய பதிப்பாகத்தான் அனுப்ப முடியும்.

கணினியோடு இணைத்து `adb install -d` என்று கட்டளையிட்டால் எண் குறைந்தாலும் ஏற்கும் என்று சிலர் சொல்வார்கள். சாதாரணப் போனில், ஆப்பை உருவாக்குபவர் சோதனைக்காகக் கட்டிய கோப்புகளுக்குத்தான் அந்தச் சலுகை. கடையிலிருந்து வந்த ஆப் அந்த வகையில் சேராது. இன்னொரு தந்திரம் `adb uninstall -k`. ஆப்பை நீக்கிவிட்டு, அதன் தரவை மட்டும் போனிலேயே விட்டுவைக்கும் கட்டளை அது. அதன் மேல் பழைய பதிப்பைப் போட்டால் தரவும் கிடைக்கும், ஆப்பும் கிடைக்கும் என்பது கணக்கு. முன்பு பலருக்கு இது வேலை செய்தது. ஆனால் இப்போதைய ஆண்ட்ராய்டு, அநாதையாக விடப்பட்ட தரவுக்கு உரிய பதிப்பு எண்ணையும் நினைவில் வைத்திருக்கிறது. அதனால் பெரும்பாலும் மறுத்துவிடும். அப்போது நீங்கள் பழையதும் இல்லாமல் புதியதும் இல்லாமல் நிற்பீர்கள்.

இந்தத் தந்திரத்தை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டவர்கள் தடயவியல் ஆய்வாளர்கள். போனிலிருந்து சான்று எடுக்கும் வணிகக் கருவிகளில் ‘ஏபிகே டவுன்கிரேடு’ என்றே ஒரு முறை உண்டு. புதிய வாட்ஸ்அப் தன் தரவைக் கணினிக்குக் காப்பெடுக்க விடாது. பல ஆண்டுகளுக்கு முந்தைய பதிப்பு விட்டது. ஆகவே தரவை விட்டுவைத்து ஆப்பை மட்டும் நீக்கி, அதே நிறுவனம் ஒப்பமிட்ட அந்தப் பழைய பதிப்பைத் தற்காலிகமாக அமர்த்தி, தரவை வெளியே இழுத்துக்கொண்டு, பிறகு புதியதைத் திரும்பப் போடுவார்கள். கையொப்பச் சோதனை இங்கே தோற்கவில்லை. அது கேட்கும் கேள்விக்குச் சரியான பதில்தான் கிடைத்தது. ஒப்பமிட்டவர் யார் என்பதை மட்டும்தான் கையொப்பம் சொல்லும், அந்தப் பதிப்பு பாதுகாப்பானதா என்பதை அது சொல்லாது. நடுவழியில் தரவு அழியும் அபாயம் இருப்பதால், மற்ற வழிகள் தீர்ந்த பிறகே ஆய்வாளர்கள் இதைத் தொடுகிறார்கள். தொழிலாகச் செய்பவர்களே தயங்குவதை, திங்கட்கிழமைக் காலை ஜூபிலி ரயிலில் நின்றுகொண்டு செய்து பார்க்க வேண்டாம்.

அபாயம் ஏன் என்று அறிய, ஆப்பின் தரவு எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். பெரும்பாலான ஆப்கள் போனுக்குள் எஸ்கியூலைட் என்ற சிறு தரவுத்தளத்தை வைத்திருக்கின்றன. அதற்கென்று தனியாக ஒரு பதிப்பு எண் உண்டு. புதிய ஆப் முதன்முறை திறக்கும்போது பழைய தரவுத்தளத்தைப் பார்த்து, புதுக் கட்டங்களைச் சேர்த்து, சிலவற்றைப் பிரித்து, எண்ணை உயர்த்திவிடும். இந்த மாற்றம் ஒருவழிப் பாதை. எட்டிலிருந்து ஒன்பதுக்குப் போகும் நிரலை எழுதுபவர்கள், ஒன்பதிலிருந்து எட்டுக்கு வரும் நிரலை எழுதுவது அரிது. பழைய ஆப் புதிய தரவுத்தளத்தைத் திறந்தால் என்ன நடக்கும் என்பது நிரலாளரின் தேர்வைப் பொறுத்தது. ஆண்ட்ராய்டு தரும் இயல்பான வழியில் ஆப் இந்தச் செய்தியோடு விழுந்துவிடும்:

```
Can't downgrade database from version 9 to 8
```

விழுவது நல்லது. தரவு அப்படியே இருக்கும், புதிய பதிப்பைத் திரும்பப் போட்டால் மீண்டும் திறக்கும். மோசமானது வேறொன்று. ரூம் என்ற பரவலான நிரல்தொகுதியில் `fallbackToDestructiveMigrationOnDowngrade` என்று ஒரு வசதி இருக்கிறது. அதை இயக்கியிருந்தால், எண் குறைந்ததைக் கண்டதும் பழைய அட்டவணைகளை எல்லாம் அழித்துவிட்டு வெற்றுத் தரவுத்தளத்தோடு ஆப் சமர்த்தாகத் திறக்கும். பிழைச்செய்தி எதுவும் வராது. ஆப் நன்றாக ஓடுகிறதே என்று மகிழும்போது பட்டியல் காலியாக இருக்கும். எந்த ஆப் எந்த வகை என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது.

ஒரு நல்ல ஆப்பை எடுத்து இதை முழுவதும் நடந்து பார்க்கலாம். ஆன்டெனாபாட் என்பது பாட்காஸ்ட் கேட்கும் திறமூல ஆப். பிபிசி நிகழ்ச்சிகளையும் தமிழ் ஒலிபரப்புகளையும் ஒரே இடத்தில் கேட்க ஏற்றது, பிளேயிலும் எஃப்-ட்ராய்டிலும் கிடைக்கிறது. ஒரு அப்டேட்டுக்குப் பிறகு உங்கள் போனில் அது தகராறு செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் பிளே ஸ்டோரில் அந்த ஆப்பின் பக்கத்தில், மூன்று புள்ளிகளுக்குள் இருக்கும் தானியங்கி அப்டேட்டை நிறுத்த வேண்டும். இல்லையென்றால் இரவோடு இரவாகப் புதியது திரும்ப வந்துவிடும். பிறகு போனைக் கணினியோடு இணைத்து உள் எண்ணைப் பாருங்கள்:

```
adb shell "dumpsys package de.danoeh.antennapod | grep versionCode"
```

ஆன்டெனாபாட்டில் 3.4.0 என்ற பதிப்பின் உள் எண் 3040095. கடைசி 95 எதற்கு என்றால், அதே பதிப்பின் சோதனை வெளியீடுகள் 01, 02 என்று சிறிய எண் பெற்று, இறுதி வெளியீட்டுக்குக் கீழே நிற்கட்டும் என்பதற்கு. சோதனை வெளியீட்டில் சேர்ந்தவர், அதே பதிப்பின் இறுதி வெளியீட்டுக்கு எந்தத் தடையும் இல்லாமல் வரலாம். முந்தைய நிலையான பதிப்புக்கு மட்டும் போக முடியாது.

பழைய கோப்பு எங்கே கிடைக்கும்? எஃப்-ட்ராய்ட் தன் முதன்மைக் களஞ்சியத்தில் அண்மைய சில பதிப்புகளையும், அதற்கு முந்தையவற்றைத் தனிக் காப்பகத்திலும் வைத்திருக்கிறது. வேறு தளத்திலிருந்து எடுத்தால் நிறுவும் முன் ஒப்பத்தைச் சரிபார்க்க வேண்டும். ஏனென்றால் அன்இன்ஸ்டால் செய்த கணமே போன் பழைய சான்றிதழை மறந்துவிடும். அதன்பின் யார் ஒப்பமிட்ட கோப்பையும் புது ஆப்பாகவே ஏற்றுக்கொள்ளும். மேலே சொன்ன முதல் காவலை நாமே அனுப்பிவைத்துவிட்டு, அது செய்த வேலையை நம் தலையில் எடுத்துக்கொள்கிறோம்.

```
apksigner verify --print-certs antennapod-old.apk
```

இது காட்டும் SHA-256 வரியை, போனில் இப்போது இருக்கும் ஆப்பிலிருந்து எடுத்த கோப்பின் வரியோடு ஒப்பிடுங்கள். `adb shell pm path` இருப்பிடத்தைச் சொல்லும், `adb pull` கோப்பை எடுத்துத் தரும். இரண்டும் ஒன்றானால் ஒப்பமிட்டவர் ஒருவரே. பிளே ஆப்பும் எஃப்-ட்ராய்ட் கோப்பும் என்றால் வேறுபடும் என்பது முன்பே தெரிந்ததுதான்.

இனித் தரவு. ஆன்டெனாபாட்டின் அமைப்புகளில் இருக்கும் ஏற்றுமதிகளில் இரண்டு இங்கே முக்கியம். ஒன்று தரவுத்தளம் முழுவதும்: சந்தாக்கள், எதைக் கேட்டீர்கள், எந்த நிமிடத்தில் நிறுத்தினீர்கள் என்று எல்லாம். இன்னொன்று ஓபிஎம்எல் கோப்பு, அதில் சந்தாப் பட்டியல் மட்டும். முதலாவதுதான் வேண்டும் என்று தோன்றும். ஆனால் புதிய பதிப்பிலிருந்து எடுத்த தரவுத்தளம் உயர்ந்த எண்ணோடு இருந்தால், பழைய பதிப்பு அதை இறக்குமதி செய்ய மறுக்கும். புதிய பதிப்பில் எடுத்த கோப்பு இது, இதைக் கையாள எனக்குத் தெரியாது என்று வெளிப்படையாகவே சொல்லிவிடும். இப்படி மறுக்க ஒருவர் நிரல் எழுதியிருக்கிறார் என்பதே அந்த ஆப்பின் மேல் மதிப்பைக் கூட்டுகிறது. ஆக, கெட்ட அப்டேட்டுக்குப் பிறகு பின்வாங்குபவர் கையில் எஞ்சுவது ஓபிஎம்எல் பட்டியல். சந்தாக்கள் திரும்பும், கேட்ட வரலாறு திரும்பாது. அப்டேட்டுக்கு முன்பே தரவுத்தளக் கோப்பு எடுத்து வைத்திருந்தால் அந்த நாள் வரையிலான வரலாறும் திரும்பும். இரண்டு ஏற்றுமதிகளையும் எடுத்து, போனுக்கு வெளியே வைத்த பிறகுதான் நீக்க வேண்டும்.

பாட்காஸ்ட் வரலாறு போனால் யாரும் அழப்போவதில்லை. சிக்னல் போன்ற ஆப்பில் கதை வேறு. அதன் செய்திகள் பூட்டிய தரவுத்தளத்தில் இருக்கின்றன. பூட்டின் சாவியைப் போனின் பாதுகாப்புப் பெட்டகம் காக்கிறது. ஆப்பை நீக்கினால் பெட்டகத்திலிருந்து சாவியும் போய்விடும். முன்பே காப்புக் கோப்பு எடுத்திருந்தாலும், புதிய பதிப்பில் எடுத்ததைப் பழைய பதிப்பு ஏற்காது. சிக்னலின் எந்தப் பதிப்பும் சுமார் 90 நாட்களில் காலாவதியாகிவிடும் என்பதால், அங்கே பின்வாங்குவது சில வாரத் தங்கல் மட்டுமே.

கூகுள் கணக்கில் தானாகச் சேரும் காப்பு காப்பாற்றுமே என்று நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அது ஓர் ஆப்புக்கு 25 எம்பி வரைதான் எடுக்கும். ஆப்பின் நிரலாளர் `restoreAnyVersion` என்ற குறியை வலிந்து இயக்காவிட்டால், புதிய பதிப்பின் காப்பைப் பழைய பதிப்புக்குள் ஆண்ட்ராய்டு இறக்காது. இறங்கினாலும், பெட்டகச் சாவியால் பூட்டிய பகுதிகள் சாவியின்றி வந்து சேரும். மீட்ட பிறகு ஆப் திறந்தவுடன் விழுந்தால் பல நேரம் காரணம் இதுதான். அமைப்புகளுக்குப் போய் அந்த ஆப்பின் தரவைத் துடைத்தால்தான் திறக்கும்.

கையொப்பமும் எண்ணும் தரவும் சரியாக அமைந்தாலும் முடியாத இடங்கள் உண்டு. ஒலிபெருக்கி நிறுவனமான சோனோஸ் 2024 மே 7 அன்று முற்றிலும் புதிய ஆப்பை வெளியிட்டது. அலாரம், தூக்க நேரக்கணக்கு, வீட்டுக் கணினியிலிருக்கும் இசை நூலகம் போன்றவை முதலில் குறைபட்டு வந்தன. பார்வையற்றோர் நம்பியிருந்த திரைவாசிப்பும் பாதிக்கப்பட்டது. பழைய ஆப்பைத் திரும்பத் தாருங்கள் என்ற கூக்குரல் மாதக்கணக்கில் ஓயவில்லை. ஜூலையில் தலைமை நிர்வாகி பாட்ரிக் ஸ்பென்ஸ் மன்னிப்புக் கேட்டார். ஆகஸ்டில், பழைய ஆப்பை மீண்டும் வெளியிட முடியாது என்று அறிவித்தார். மே மாதத்திற்குப் பிறகு ஒலிபெருக்கிகளுக்குள் இருக்கும் மென்பொருளும் நிறுவனத்தின் மேகச் சேவையும் மாறிவிட்டன, பழைய ஆப்பைக் கொண்டுவந்தால் சிக்கல் கூடும் என்று சோதனையில் தெரிந்தது என்பது அவர் தந்த விளக்கம். 2025 ஜனவரியில் அவர் பதவி விலகினார். தன் போனில் பழைய ஏபிகேயைத் திரும்பப் போட்டவரும், மறுமுனையில் இருக்கும் ஒலிபெருக்கியைப் பின்னோக்கி நகர்த்த முடியாது. ஆப் என்பது ஒரு முனை மட்டுமே.

வங்கி ஆப்களுக்கும் இது பொருந்தும். வெளியிலிருந்து நிறுவிய கோப்பா, பிளே அறிந்த பதிப்பா என்று கூகுளின் சேவையைக் கேட்டுச் சொல்லும் வசதி அவற்றுக்கு உண்டு. பதில் பிடிக்காவிட்டால் திறக்காது. அங்கே முயன்று நேரத்தை வீணாக்க வேண்டாம்.

எளிதாகப் பின்வாங்கக்கூடிய ஒரே வகை, போனோடு சேர்ந்து வந்த ஆப்கள். அவற்றின் தொழிற்சாலைப் பதிப்பு அழியாமல் போனின் அடித்தளத்திலேயே இருப்பதால், ஆப் தகவல் பக்கத்தில் அப்டேட்டுகளை மட்டும் நீக்கும் தெரிவு கிடைக்கும். 2021 மார்ச் 22, 23இல் வெப்வியூ என்ற அடிப்படைக் கூறின் அப்டேட் கெட்டு, ஜிமெயில் உட்படப் பல ஆப்கள் உலகெங்கும் விழுந்தபோது, கூகுளின் திருத்தம் வரும்வரை மக்களைக் காத்தது இந்தத் தெரிவுதான். தொழிற்சாலைப் பதிப்பு மிகப் பழையது என்பதால், திருத்தம் வந்தவுடன் மீண்டும் புதுப்பித்துக்கொள்ள வேண்டும்.

ஐபோன் வைத்திருப்பவருக்கு இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி பயன்படாது. பழைய ஐஓஎஸ் ஓடும் கருவிக்கு, அதில் ஓடக்கூடிய கடைசிப் பதிப்பை ஆப் ஸ்டோர் தரும். அதற்கு மேல் எதுவும் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் மாற்றுக் கடைகளுக்கு வழி பிறந்தபோது பிரித்தானியா அந்த ஒன்றியத்துக்கு வெளியே இருந்தது. லண்டன் கேனரி வார்ஃபில் இயங்கும் போட்டிச் சந்தை ஆணையமான சிஎம்ஏ, 2025 அக்டோபர் 22 அன்று ஆப்பிள், கூகுள் இரண்டுக்கும் கைபேசித் தளங்களில் தனிச் சந்தை ஆதிக்க நிலை இருப்பதாக அறிவித்தது. இனி அவற்றின் மேல் நடத்தை விதிகளை விதிக்கும் அதிகாரம் அதற்கு உண்டு. இதுவரையிலான விவாதம் கடைகளின் கட்டணத்தையும் போட்டியையும் சுற்றியே நடக்கிறது. முந்தைய பதிப்பையும், அதில் திறக்கக்கூடிய தரவு ஏற்றுமதியையும் புதிய அப்டேட்டுக்குப் பின் ஒரு மாதமாவது கிடைக்கச் செய்யக் கடைகளையும் நிறுவனங்களையும் கட்டாயப்படுத்தலாம். பாதுகாப்பு ஓட்டைக்காக வந்த திருத்தங்களுக்கு மட்டும் விலக்குத் தரலாம். சிஎம்ஏ பொதுமக்கள் கருத்துக் கேட்கும்போது அங்கே எழுத வேண்டியது இதைத்தான்.